கவுன்சலரிடம் பேசினால் ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமா?

வாசகி கேட்கிறார்:

வணக்கம் மேடம். எனக்கு 31 வயது. சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து நாலரை வருஷம் ஆகப்போகிறது. நாலு மாசமாக மீட்டிங் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, ராத்திரி தூக்கமில்லை. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்து, மூன்று வாரம் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் கம்பெனியில் ஊழியர் மனநலக் கொள்கை ஒன்று இருக்கிறது. ஆறு முறை இலவச கவுன்சலிங், எல்லாம் ரகசியம், வருஷத்துக்கு மூன்று நாள் மனநல விடுப்பு, 'மேனேஜரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்' என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. என் மேனேஜர், 'என்னன்னு ஓப்பனா சொல்லும்மா, கவுன்சலிங்குக்கு நானே மெயில் போட்டு ஏற்பாடு பண்றேன்' என்கிறார். ஹெச்.ஆரில், என்ன நோய் என்று எழுதிய சர்ட்டிஃபிகேட்டும் மருந்துச் சீட்டும் கேட்கிறார்கள். 'வேணும்னா ரிசைன் பண்ணிட்டு, சரியானதும் திரும்பச் சேருங்க' என்றும் சொன்னார்கள். அவர்கள் நோயைக் கேட்பதே சட்டவிரோதம் என்கிறாள் என் தோழி. ஃபைலில் ஏறிவிட்டால் மனநிலை சரியில்லாதவள் என்று சொல்லி வேலையைவிட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சிக் லீவு 4, சி.எல். 5, இ.எல். 11 நாள் பாக்கி இருக்கின்றன. நான் என்ன செய்யட்டும்?

வழக்கறிஞர் பதில்:

உங்கள் மேனேஜர் அந்த மெயிலை இன்னும் அனுப்பவில்லை என்றால், 'வேண்டாம் சார், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். ஆனால் கவுன்சலிங்குக்கு நீங்களாகப் போவதற்கும், அவர் அனுப்பி நீங்கள் போவதற்கும் ரகசிய விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. கொள்கை அறிக்கைகளில் இதைப் பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்திருப்பார்கள்.

இந்த கவுன்சலிங்கை அநேகமாக எந்தக் கம்பெனியும் தானே நடத்துவதில்லை. வெளியில் உள்ள ஒரு சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு போன் நம்பரையோ செயலியையோ ஊழியர்களுக்குக் கொடுத்துவிடும். நீங்களே அந்த நம்பரைக் கூப்பிட்டு நேரம் வாங்கினால், வழக்கமான ஒப்பந்தப்படி கம்பெனிக்குப் போவது மொத்தக் கணக்கு மட்டும்தான். இந்தக் காலாண்டில் இத்தனை பேர் பேசினார்கள், வேலைச்சுமைக்காக இத்தனை பேர், குடும்பப் பிரச்சினைக்காக இத்தனை பேர் என்ற அளவில் இருக்கும். பெயர் இருக்காது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கணக்கை டீம் வாரியாகப் பிரித்துக் கொடுத்தால், நாலு பேர் இருக்கும் டீமில் 'ஒருவர்' என்பதே பெயர் சொன்ன மாதிரிதான். அதனால் முதல் அழைப்பிலேயே, அறிக்கை எந்த அளவுக்குப் பிரித்துப் போகிறது என்று கேளுங்கள். ஒழுங்கான சேவை நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும்.

மேனேஜரோ ஹெச்.ஆரோ அனுப்பிப் போகிறவர்களுக்கு நடைமுறை வேறு. வேலையில் தவறுகள், சக ஊழியரோடு சச்சரவு என்று கம்பெனிக்கு ஒரு கவலை இருக்கும்போது பயன்படுத்தும் வழி அது. போனவுடன் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். வந்தாரா, தொடர்ந்து வருகிறாரா என்று கம்பெனிக்குச் சொல்ல நீங்கள் சம்மதிக்கிறீர்கள் என்பதுதான் அந்தப் படிவம். உள்ளே பேசியதை அப்போதும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் கவுன்சலிங்குக்குப் போகிறீர்கள் என்பது ஹெச்.ஆரின் மெயில் பெட்டியில் நிரந்தரமாகப் பதிவாகிவிடும். உங்களுக்கு அது தேவையே இல்லை.

கம்பெனி டாக்டரைப் பார்க்கச் சொல்வது இந்த இரண்டிலும் சேராது. பெரும்பாலும் வேலைக்குத் தகுதியா இல்லையா என்று பார்க்கும் சோதனை அது. முடிவு கம்பெனிக்குத்தான் போகும். உட்காருவதற்கு முன்பே, 'இது கவுன்சலிங்கா, தகுதிச் சோதனையா? முடிவு யாருக்குப் போகும்?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரகசியத்துக்கு எல்லை எங்கே?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 23-ஆம் பிரிவு, நோயாளியின் மனநலம், உடல்நலம், சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. சிகிச்சை தரும் மருத்துவத் துறையினர் அனைவரையும் அது கட்டுப்படுத்துகிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் நிலை, பொதுமக்கள் பாதுகாப்பு, உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு போன்றவை அவை. கவுன்சலரும் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுவார். தற்கொலை எண்ணம் தெரிந்தால் அவர் குடும்பத்தாரையோ மருத்துவமனையையோ கூப்பிடக்கூடும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும், தாங்க முடியாத இரவு என்று ஒன்று வந்தால் 14416-ஐக் கூப்பிடலாம். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கம்பெனிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

உங்கள் மனநல மருத்துவரின் நிலையும் கம்பெனி ஏற்பாடு செய்யும் கவுன்சலரின் நிலையும் ஒன்றல்ல. மருத்துவரைச் சட்டமே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. கவுன்சலர் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளராகவும் இருக்கலாம், உளவியலில் பட்ட மேற்படிப்பு மட்டும் முடித்தவராகவும் இருக்கலாம். பின்னவர் விஷயத்தில், ஒப்பந்தத்திலும் கொள்கையிலும் எழுதியிருப்பதுதான் நடைமுறையில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு. அவருடைய தகுதி என்ன, குறிப்புகளை எங்கே வைக்கிறார்கள், எத்தனை வருஷம் வைக்கிறார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

கவுன்சலர் வாய்திறந்து விஷயம் வெளியே போவது அபூர்வம். போகும் வழி பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. ஆபீஸ் காலண்டரில் 'கவுன்சலிங், 4 மணி' என்று போட்டுவைத்தால் டீமில் எல்லோர் திரையிலும் தெரியும். செயலியில் ஆபீஸ் மெயில் முகவரியைக் கொடுத்துப் பதிந்தால், 'உங்கள் அடுத்த சந்திப்பு' என்ற நினைவூட்டல் நீங்கள் ஸ்கிரீன் ஷேர் செய்துகொண்டிருக்கும்போது மூலையில் எட்டிப்பார்க்கும். மருந்து பில்லைப் பணம் திரும்பப் பெறும் தளத்தில் ஏற்றினால், மாத்திரையின் பெயரை கூகுளில் தட்டிப் பார்க்க யாருக்கும் அரை நிமிஷம் போதும். லீவு போடும் தளத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் எழுதுவது மேனேஜருக்கு மட்டுமல்லாமல், அவர் லீவில் இருந்தால் அவருக்குப் பதில் ஒப்புதல் கொடுப்பவருக்கும் போகும். அங்கே 'உடல்நலக் காரணம்' என்பதற்கு மேல் ஒரு எழுத்து வேண்டாம். சொந்த போன், சொந்த மெயில், சொந்த இணையம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரகசியத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கவுன்சலரிடம் சொன்னது கம்பெனியிடம் சொன்னதாகாது. அலுவலகத்தில் யாராவது உங்களைத் துன்புறுத்தியிருந்தால், அதை கவுன்சலரிடம் எத்தனை முறை சொல்லி அழுதாலும் புகார் கொடுத்த கணக்கில் வராது. பாலியல் தொல்லை என்றால் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் கவுன்சலிங்கில் இருக்கிறீர்கள் என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. உங்களுக்கு அப்படி இல்லை என்றே நினைக்கிறேன். படிக்கும் வேறு யாருக்காவது உதவட்டும்.

மேனேஜரிடம் எவ்வளவு சொல்வது?

'மனம்விட்டுப் பேசுங்கள்' என்று கொள்கையில் இருப்பதைப் பார்த்து, மேனேஜரும் கவுன்சலர் மாதிரி ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். 23-ஆம் பிரிவு அவரைத் தொடாது. கம்பெனிக் கொள்கை ஓரளவு கட்டுப்படுத்தலாம். அதே கொள்கை, ஊழியர் சொன்ன கவலையை ஹெச்.ஆருக்குத் தெரிவிக்கும்படியும் அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்தால் அது துரோகம் ஆகாது, அவருடைய வேலை அது.

வேலையை ஏற்பாடு செய்ய மேனேஜருக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான். எத்தனை நாள் இருக்க மாட்டீர்கள்? திரும்பி வந்த பிறகு எதைச் செய்ய முடியும், எதைச் சில வாரம் தவிர்க்க வேண்டும்? நோயின் பெயர் இந்த இரண்டிலும் வராது. நேரில் பேசினால் பேச்சு எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும் என்பதால் மெயிலாகவே அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"மருத்துவ ஆலோசனைப்படி திங்கட்கிழமையிலிருந்து மூன்று வாரம் விடுப்பில் இருக்கிறேன். சர்ட்டிஃபிகேட்டை ஹெச்.ஆருக்கு அனுப்பியிருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள வேலைகளின் பட்டியல் இதோடு இருக்கிறது. விடுப்பில் போனில் கிடைக்க மாட்டேன். வேலைக்குத் திரும்பும் தேதியை இரண்டு நாள் முன்னதாக எழுதுகிறேன்."

அவர் மறுபடியும் 'என்னதான் ஆச்சு' என்று கேட்டால், 'டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் சார், சரியாகிவிடும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிற்பாடு நீங்களாகவே விருப்பப்பட்டு அவரிடம் சொன்னால் அது உங்கள் விருப்பம். நம்பத் தகுந்த மேனேஜர் என்றால் பலனும் உண்டு. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, அவரும் அடுத்த வருஷம் வேறு டீமுக்கு மாறிப் போகலாம். மூன்று வாரம் கழித்து, தலை தெளிந்த பிறகு அந்த முடிவை எடுங்கள்.

சர்ட்டிஃபிகேட்டில் என்ன இருக்க வேண்டும்?

இங்கே உங்கள் தோழியைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. மருத்துவ விடுப்புக்குச் சான்று கேட்க கம்பெனிக்கு உரிமை உண்டு. நோய் என்ன என்று ஹெச்.ஆர். கேட்டாலே குற்றம் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவர் சொல்லக்கூடாது என்றுதான் இருக்கிறது. அவர்கள் கேட்கலாம், எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். 'நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள்' என்று முதல் மெயிலிலேயே ஆரம்பித்தால், எளிதாக முடிய வேண்டியது சண்டையாகிவிடும்.

மருந்துச் சீட்டைக் கொடுக்க வேண்டாம். அது சிகிச்சைப் பதிவு, விடுப்புக்கான சான்று ஆகாது. சர்ட்டிஃபிகேட்டில் நீங்கள் அவருடைய சிகிச்சையில் இருக்கிறீர்கள், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணிக்கு வரும் நிலையில் இல்லை, ஓய்வு தேவை என்ற விவரமும், மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருந்தால் விடுப்புக்குப் போதும். மருத்துவர்கள் பயன்படுத்தும் வழக்கமான படிவத்தில் நோயைக் குறிப்பிட ஓர் இடம் இருக்கும். அங்கே பொதுவான சொல்லாகப் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொய்யாக 'டைஃபாய்டு' என்று எழுதித் தரச் சொல்லாதீர்கள். பலர் அதைத்தான் செய்கிறார்கள், பின்னால் மாட்டிக்கொள்வதும் அதில்தான். மனநலக் காரணத்துக்காக யாரையும் எளிதில் நீக்கிவிட முடியாது, போலிச் சான்று கொடுத்தார் என்பதற்காக நீக்கலாம்.

சர்ட்டிஃபிகேட்டின் தலைப்பையும் பாருங்கள். உள்ளே நோயின் பெயரே இல்லாவிட்டாலும் மேலே 'மனநல மருத்துவப் பிரிவு' என்று அச்சிட்டிருக்கும், அல்லது மருத்துவரின் பட்டத்திலேயே அது இருக்கும். மருத்துவமனையின் பொதுத் தலைப்புத் தாளில் கேட்டால் சிலர் தருவார்கள். இல்லையென்றால், சர்ட்டிஃபிகேட்டை மேனேஜருக்கு நகல் போடாமல் ஹெச்.ஆரில் ஒருவருக்கு மட்டும், மூடிய உறையிலோ தனி மெயிலிலோ கொடுத்து, லீவு தளத்தில் இணைக்காமல் தனியாக வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்களுக்குச் சந்தேகம் என்றால், 'மருத்துவமனை இந்தச் சான்று உண்மையானதுதானா என்பதை மட்டும் உறுதி செய்ய சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் மருத்துவமனை வாய்திறக்காது.

மூன்று வாரத்தை எந்த லீவில் போடுவது?

மனநல விடுப்பு என்று தனியாக எந்தச் சட்டமும் இங்கே தனியார் ஊழியருக்குத் தரவில்லை. அந்த மூன்று நாள் உங்கள் கம்பெனி தானாகக் கொடுப்பது, நிபந்தனையும் அவர்களுடையது. சட்டப்படி உங்களுக்கு இருப்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 25-ஆம் பிரிவு. ஓராண்டு பணிக்குப் பின் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை, ஆண்டுக்கு 12 நாள் வரை நோய்க்கான விடுப்பு, நியாயமான வேறு காரணத்துக்கு மேலும் 12 நாள் வரை விடுப்பு. 'நோய்' என்றுதான் சட்டம் சொல்கிறது. உடம்பா மனசா என்று பிரிக்கவில்லை. அதனால் சிக் லீவு உங்களுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

மூன்று வாரம் என்பது 15 வேலை நாள். சிக் லீவு 4, இ.எல். 11, சரியாக 15. சி.எல். ஐந்தையும் மனநல விடுப்பு மூன்றையும் தொடாதீர்கள். வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அவை உங்களுக்கு வேண்டியிருக்கும். மறுபரிசோதனைக்கு ஒரு நாள், மாத்திரை அளவு மாறும்போது ஒரு நாள், தூங்காத இரவுக்கு மறுநாள் என்று தேவைப்படும். மனநல விடுப்புக்குப் பெரும்பாலும் சான்றும் கேட்க மாட்டார்கள். அவர்கள் கொள்கையில் அது ஆண்டுக் கடைசியில் காலாவதியாகுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். சில கம்பெனிகள் விடுப்புக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறையும் லீவாகக் கழித்துவிடும். அப்படியென்றால் இடையில் வரும் இரண்டு வார இறுதிகளும் சேர்ந்து கணக்கு 19 ஆகும், உங்களுக்கு நாலு நாள் குறையும். மருத்துவ விடுப்புக்கு அந்த விதியைத் தளர்த்தும்படி கேளுங்கள். முடியாது என்றால் மனநல விடுப்பு மூன்று நாளையும் சேர்த்து, மீதி ஒரு நாளைச் சம்பளமில்லா விடுப்பாகப் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, இ.எல். என்பது மேனேஜர் ஒப்புதலில் கிடைப்பது. ரிலீஸ் நெருக்கடி என்று நடுவில் அவர் ரத்து செய்யாதிருக்க, 'மருத்துவச் சான்றின்படி, சிக் லீவின் தொடர்ச்சியாக' என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

இ.எஸ்.ஐ. வரம்பில், அதாவது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் வாசகர்களுக்குக் கணக்கே வேறு. தேவையான சந்தா நாட்கள் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மனச்சிதைவு போன்ற சில மனநோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலிலும் உண்டு. சான்றை இ.எஸ்.ஐ. மருத்துவரிடமே வாங்க வேண்டும்.

திரும்பும் நாளைப் பற்றியும் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். பதற்றத்துக்கான மாத்திரைகள் பலவும் முழுப் பலன் தரச் சில வாரம் எடுக்கும். 22-ஆவது நாள் காலையில் பழைய வேகத்தில் உட்கார்ந்தால், எடுத்த ஓய்வு ஒரு வாரத்தில் கரைந்துவிடும். பணிக்குத் தகுதி என்று அவர் தரும் கடிதத்தில், 'முதல் நான்கு வாரம் இரவு நேர அழைப்புப் பணி வேண்டாம், முதல் வாரம் அரை நாள்' என்று குறிப்பாக எழுதித் தரச் சொல்லுங்கள். மேனேஜர் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். பணிப் பட்டியலும் கெடுவும் மீட்டிங் நேரமும் அவர் கையில் இருக்கின்றன. உங்களுக்கு மீட்டிங்கில்தான் படபடப்பு என்றால், ஒரு மாதம் நீங்கள் நேரில் விளக்குவதற்குப் பதில் எழுத்தில் அறிக்கை தருவதாகக் கேட்கலாம்.

ரிசைன் செய்வது பற்றி

செய்யாதீர்கள். திரும்பச் சேர்த்துக்கொள்வோம் என்பது வாய்வார்த்தை. எழுதிக் கொடுத்தாலும் புதிதாகச் சேர்ந்தவராகத்தான் சேருவீர்கள். கிராஜுவிட்டிக்கு 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். உங்களுக்கு இன்னும் ஆறே மாதம்தான். மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நிற்கும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில். அனுமதி பெற்ற விடுப்பு, சம்பளமில்லாததாக இருந்தாலும், பணித் தொடர்ச்சியை உடைக்காது.

வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். 2017 சட்டத்தின் 3-ஆம் பிரிவே, ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததால் மட்டும் அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்கிறது. அப்படி அறிவிக்க உரிய நீதிமன்றம் வேண்டும். அடுத்து, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து பணியில் இருப்பவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நீங்கள் டெஸ்டிங் வேலை பார்க்கிறீர்கள், பொருந்தும். ஆனால் நீங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டால் 41-ஆம் பிரிவைக் கையில் எடுக்க வழியில்லை. ஹெச்.ஆர். அந்த யோசனையை வாயால் மட்டும் சொன்னதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். மனநலம் என்று ஓரிடத்திலும் எழுதாமல், செயல்திறன் குறைவு என்று காரணம் காட்டுவதுதான் கம்பெனிகள் வழக்கமாகப் போகும் பாதை. அதற்கு எதிராக உங்களுக்கு உதவுவது தேதி போட்ட காகிதங்கள்தான். நாலு மாதத்துக்கு முந்தைய மதிப்பீடுகள், விடுப்பு விண்ணப்பம், அதற்கு வந்த ஒப்புதல், கொள்கை அறிக்கையின் இன்றைய வடிவம், லீவு இருப்புக் காட்டும் பக்கம் எல்லாவற்றையும் அச்செடுத்து வீட்டில் வையுங்கள். ஆபீஸ் மெயிலிலிருந்து சொந்த மெயிலுக்கு மொத்தமாக அனுப்ப வேண்டாம். தகவல் பாதுகாப்பு விதியை மீறினார் என்று அதையே குற்றமாக்கக்கூடும். ரிசைன் யோசனைக்கு மட்டும் ஒரு பதில் மெயில் போட்டுவிடுங்கள்: "நேற்று பேசியது தொடர்பாக, எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. மருத்துவ விடுப்புக்கான என் விண்ணப்பத்துக்கு வியாழக்கிழமைக்குள் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன்."